இரங்கல் மின்னஞ்சல்: அனுப்புவதற்கு முன் ஒரு வாசிப்பு

புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்தில் மரணச் செய்தி முதலில் மின்னஞ்சலில் வருவதில்லை. பள்ளிவாசல் ஒலிபெருக்கி சொல்லும், சந்தியில் கட்டிய பதாகை சொல்லும், வட்ஸ்அப் குழுவில் ஒரு படத்துடன் வரும். அயலவர்கள் அரை மணி நேரத்தில் மரண வீட்டில் நிற்பார்கள். ஆனால் கூட வேலை செய்பவர்கள் எல்லோரும் அயலில் இருப்பதில்லை. ஒருவர் கற்பிட்டியில், ஒருவர் சிலாபத்தில், ஒருவர் மன்னார்க் கிளையில், மேலதிகாரி கொழும்பில். முஸ்லிம் வீடென்றால் ஜனாஸா பெரும்பாலும் அன்றே அல்லது மறுநாளே நல்லடக்கம் செய்யப்பட்டுவிடும். தூரத்தில் இருப்பவர் செய்தி அறிந்து பஸ் பிடித்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் மின்னஞ்சல் எழுதப்படுகிறது.

நேரில் போகிறவர் அதிகம் பேசத் தேவையில்லை. கையைப் பிடித்துக்கொண்டு நின்றாலே போதும். எழுதுகிறவருக்கு அந்த வசதி இல்லை. எழுதியது அப்படியே நிற்கும். பெற்றோரை இழந்தவர் அதை மூன்றாம் நாளிலும் வாசிப்பார், மூன்று மாதம் கழித்து வேறு எதையோ தேடும்போது மறுபடியும் வாசிப்பார். ஆகவே அனுப்புவதற்கு முன் ஒருமுறை திருத்தி வாசிப்பது நல்லது. அந்தத் திருத்தம் எப்படிச் செய்யப்படுகிறது என்பதை ஒரு மாதிரி மடலை வைத்துப் பார்ப்போம்.

மாதிரியின் பின்னணி இது. புத்தளத்தில் ஓர் அலுவலகம். அங்கே பணிபுரியும் முஸ்லிம் உத்தியோகத்தர் ஒருவரின் தந்தை காலமாகிவிட்டார். குடும்பம் மன்னாரிலிருந்து வந்தது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் அவர்களும் அடங்குவர். அப்போது வெளியேற்றப்பட்டவர்களின் தொகை சுமார் 75,000 என்று பொதுவாகக் கணக்கிடப்படுகிறது. மன்னார்ப் பக்கத்திலிருந்து பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். புத்தளத்தைச் சுற்றிலும் முகாம்களில் இருந்து, பிறகு காணி வாங்கி, இங்கேயே வேரூன்றியவர்கள் ஏராளம். மடலை எழுதுபவர் உடப்பைச் சேர்ந்த தமிழ்ப் பெண், அதே அலுவலகத்தில் வேலை செய்பவர். அவர் எழுதிய முதல் வரைவு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

பொருள்: துயரச் செய்தி (அவசரம்)

அன்பின் நானாவுக்கு,

தங்களின் பாசமிகு தந்தையார் இரந்த செய்தி அறிந்து பேரதிர்ச்சியும் சொல்லொணாத் துயரமும் அடைந்தோம். 1990ஆம் ஆண்டு போர் காரணமாகச் சொந்த மண்ணை விட்டு அகதியாக இடம்பெயர்ந்து, கடைசிவரை ஊர் திரும்பாமலேயே கண்மூடிய அன்னாரின் வாழ்வு எம் எல்லோருக்கும் ஒரு பாடமாகும். எனது அப்பாவும் 2008இல் காலமானவர் என்பதால் உங்கள் வலி எனக்கு நன்றாகப் புரியும். காலம் எல்லாக் காயங்களையும் ஆற்றும், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். அன்னாரின் ஆத்மா சாந்தியடைய எல்லாம் வல்ல இறைவனைப் பிரார்த்திக்கிறோம். மாத அறிக்கையைப் பற்றி யோசிக்க வேண்டாம், முடிந்தால் வெள்ளிக்கிழமைக்கு முன் அந்தக் கோப்பை மட்டும் அனுப்பிவிடுங்கள். ஏதும் தேவையென்றால் தயங்காமல் சொல்லுங்கள்.

ஆழ்ந்த இறங்கலுடன்

இதை எழுதியவருக்கு நல்ல மனம். ஒவ்வொரு வரியிலும் அது தெரிகிறது. குறை மனதில் இல்லை, கைக்குப் பழகிப்போன வாசகங்களில் இருக்கிறது. கண்ணீர் அஞ்சலிப் பிரசுரங்களில் நாம் வாசித்து வளர்ந்த சொற்கள் தாமாகவே வந்து விழுகின்றன.

முதலில் எழுத்துப் பிழைகள். அவை சின்ன விஷயம் என்று நினைப்பதற்கில்லை. ‘இறந்த’ என்று வரவேண்டிய இடத்தில் ‘இரந்த’ என்று வந்திருக்கிறது. இரத்தல் என்றால் பிச்சை கேட்டல். தந்தை கையேந்திய செய்தியை அறிந்தோம் என்று அந்த வரி சொல்கிறது. கடைசியில் ‘இரங்கலுடன்’ என்பது ‘இறங்கலுடன்’ ஆகியிருக்கிறது. இரங்குதல் மனம் கசிவது, இறங்குதல் பஸ்ஸிலிருந்து இறங்குவது. ஒரே மடலில் ஒரு சொல்லில் றகரம் ரகரமாகவும், இன்னொரு சொல்லில் ரகரம் றகரமாகவும் மாறிவிட்டன. கைத்தொலைபேசியில் தட்டும்போது விசைப்பலகை முன்கூட்டியே காட்டும் சொல்லைத் தொட்டுவிடுவதால் இது அடிக்கடி நடக்கிறது. இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள் என்பதால் பிழை திருத்தும் செயலி சிவப்புக் கோடு போடாது. கண்ணால்தான் பிடிக்க வேண்டும். இரங்கல், இறந்த, மறைவு, இழப்பு, அன்னார் என்ற ஐந்து சொற்களையும் தனியாகத் தேடிப் பார்த்தால் இத்தகைய மடலில் வரக்கூடிய பிழைகளில் பெரும்பகுதி அகப்பட்டுவிடும். இழப்பு ‘இளப்பு’ ஆவதும், அன்னார் ‘அண்ணார்’ ஆவதும் நாம் எல்லோரும் கண்டவைதான்.

நமது அலுவலகங்களுக்கே உரிய இன்னொரு வில்லங்கம் பாமினி எழுத்துரு. பழைய கணினிகளில் இன்னும் அதில்தான் பலர் தட்டச்சு செய்கிறார்கள். வேர்ட் கோப்பில் அழகாகத் தெரியும் வரியை வெட்டி மின்னஞ்சலில் ஒட்டினால், பெறுபவரின் தொலைபேசியில் அது இப்படித்தான் தெரியும்:

```
Mo;e;j mDjhgq;fs;
```

‘ஆழ்ந்த அனுதாபங்கள்’ என்பதுதான் அது. வாப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்து உட்கார்ந்திருப்பவர் இதை என்னவென்று வாசிப்பார்? பாமினியில் தட்டியதை யுனிகோடுக்கு மாற்றிய பிறகே ஒட்ட வேண்டும். சந்தேகம் இருந்தால் முதலில் உங்களுக்கே ஒரு பிரதி அனுப்பி, கணினியில் அல்ல, தொலைபேசியில் திறந்து பாருங்கள்.

இனி உள்ளடக்கம். வரைவில் ஆகக் கனமான வரி இரண்டாவது வரிதான். 1990, போர், அகதி, இடம்பெயர்வு, ஊர் திரும்பாமை என்று ஒரு குடும்பத்தின் முழு வரலாறும் ஒரே வாக்கியத்தில் அடைக்கப்பட்டிருக்கிறது. எழுதியவர் மரியாதையாகத்தான் எழுதினார். அந்த மனிதர் பட்ட பாட்டை நான் அறிவேன் என்று சொல்ல விரும்பினார். ஆனால் அந்த வாக்கியத்தில் நான்கு சொற்கள் முள்ளாக நிற்கின்றன.

‘போர் காரணமாக’ என்பது முதலாவது. வடக்கு முஸ்லிம்கள் ஷெல் வீச்சுக்குப் பயந்து ஓடியவர்கள் அல்லர். போகச் சொல்லி உத்தரவிடப்பட்டவர்கள். அவர்களுடைய பேச்சில் அது ‘வெளியேற்றம்’ என்றே வரும். போர் காரணமாக என்று ஒரு தமிழர் எழுதும்போது, யார் செய்தது என்பது மெல்ல மறைக்கப்படுவதாக அவர்கள் வாசிக்க நியாயம் உண்டு. ‘இடம்பெயர்ந்து’ என்பதும் அதே வகை. ‘அகதி’ என்பது இன்னும் மோசம். புத்தளத்துக்கு வந்த முதல் வருடங்களில் இவர்களை அடையாளப்படுத்திய சொல் அதுதான். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் அதைக் காதில் வாங்கியே வளர்ந்தார்கள். தகப்பன் காலமான அன்று அந்தச் சொல்லை மறுபடியும் கையில் கொடுக்கக் கூடாது. நான்காவது ‘ஊர் திரும்பாமலேயே’. அவர் திரும்ப விரும்பினாரா, 2009க்குப் பிறகு போய்க் காணியைப் பார்த்துவிட்டு வந்தாரா, பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள் என்று தானே முடிவெடுத்து இருந்துவிட்டாரா என்பது எழுதுகிறவருக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை அந்த வரி அவருடைய வாழ்வின் தோல்வியாக எழுதிவிடுகிறது.

அப்படியானால் ‘போர் காரணமாக’ என்பதை ‘வெளியேற்றப்பட்டு’ என்று மாற்றினால் சரியாகிவிடுமா? சொல் சரியாகும், இடம் சரியாகாது. அந்த வரலாற்றைப் பேச வேண்டிய இடங்கள் உண்டு, இந்த இணையப் பக்கங்களும் அவற்றில் ஒன்று. இரங்கல் மடல் அதற்கான இடம் அல்ல. இழந்தவர் தாமே அந்தப் பேச்சை எடுத்தால் உட்கார்ந்து கேட்கலாம். நாம் எடுத்துக்கொடுக்கக் கூடாது. இது முஸ்லிம் குடும்பங்களுக்கு மட்டும் பொருந்துவதல்ல. முள்ளிவாய்க்காலிலிருந்து வந்த ஒருவரின் தாய் காலமானால், அந்தத் தாய் பட்டதையெல்லாம் நாம் பட்டியல் போட்டுத் திருப்பிச் சொல்லத் தேவையில்லை. அவர்களுக்கு அது நம்மைவிட நன்றாகத் தெரியும்.

ஊரின் பெயரைச் சொல்லவே கூடாதா என்றால், சொல்லலாம். அவரே பெருமையுடன் சொல்லிவந்த ஊர் என்றால் ‘எருக்கலம்பிட்டி வாப்பா’ என்று எழுதுவதில் அன்பு மட்டுமே இருக்கும். அதன் பின்னால் 1990ஐச் சேர்க்கும்போதுதான் அது வேறொன்றாக மாறுகிறது. வரைவிலிருந்து இந்த வாக்கியம் முழுவதையும் எடுத்துவிடுகிறோம். அதில் இருந்த நல்லெண்ணத்துக்குப் பதிலாக எதை வைப்பது என்பதைக் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்.

அடுத்தது மதச் சொற்கள். ‘ஆத்மா சாந்தியடைய’ என்பது தமிழில் எல்லோருக்கும் பொதுவான வாசகம் போலக் காதில் விழுகிறது. அப்படியல்ல. முஸ்லிம்கள் தங்கள் மறைந்தவருக்காகக் கேட்பது பாவமன்னிப்பையும் மறுமையில் சுவனத்தையும். கத்தோலிக்கர் நித்திய இளைப்பாற்றியை வேண்டுவார்கள். ஆத்ம சாந்தி இந்து வீட்டில் இயல்பாக ஒலிக்கும். புத்தளம் கரையில் இது வெறும் நுணுக்கம் அல்ல. உடப்பில் திரௌபதி அம்மன் கோயில், தலவிலவில் புனித அன்னம்மாள் ஆலயம், கற்பிட்டியில் பழைய பள்ளிவாசல்கள், சிலாபத்தை அண்டி முன்னேஸ்வரம். ஓர் அலுவலகத்தில் பத்துப் பேர் இருந்தால் நான்கு விதமான மரண வீடுகள் இருக்கும். பெயரை வைத்து ஊகிப்பதும் இங்கே ஆபத்து. பெர்னாண்டோ என்ற பெயருடையவர் தமிழ் பேசும் கத்தோலிக்கராக இருக்கலாம், சிங்களம் பேசும் கத்தோலிக்கராக இருக்கலாம், பௌத்தராகவும் இருக்கலாம். சிலாபக் கரையில் பாட்டன் காலத்தில் தமிழ் பேசி, இன்று வீட்டில் சிங்களம் மட்டும் பேசும் குடும்பங்களும் உண்டு.

எதிர்ப்பக்கம் சாய்வதிலும் சிக்கல் இருக்கிறது. மரியாதை காட்டுவதாக எண்ணி, ‘இன்னாலில்லாஹி’ எனத் தொடங்கும் அரபு வாசகத்தை வேறெங்கோ பார்த்து எழுதி, அதில் ஓரெழுத்தை விழுங்கிவிட்டால் சங்கடம்தான். அந்த வாசகம் எழுதுபவரின் வாயில் இயல்பாக வராததென்றால் எழுத வேண்டிய அவசியம் இல்லை. முஸ்லிம் அல்லாத ஒரு நண்பரிடமிருந்து அதை யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. ‘மிகவும் வருந்துகிறோம்’ எல்லா மதத்தவருக்கும் பொருந்தும். வினைச்சொல்லும் அப்படித்தான். வபாத்தானார், சிவபதமடைந்தார், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் எல்லாம் அந்தந்த வீட்டார் சொல்லும் சொற்கள். வெளியிலிருந்து எழுதுபவருக்கு ‘காலமானார்’ போதும். ‘செத்த’ என்பது மரியாதைக் குறைவு. ‘இறந்த’ பிழையில்லை, ஆனால் கொஞ்சம் வறட்சி. செய்தி அறிக்கைக்குச் சரி.

உறவுச்சொல் விஷயத்தில் எனக்கு ஒரு பக்கச்சார்பு இருக்கிறது. கூட வேலை செய்பவரை நானா என்று கூப்பிடுகிறவர், அவருடைய தகப்பனை ‘தந்தையார்’ என்று எழுதினால் திடீரென்று ஒரு மேசை குறுக்கே வந்து நிற்கிறது. தினமும் ‘வாப்பாவுக்கு எப்படி, சுகமா?’ என்று கேட்டவர் மடலிலும் வாப்பா என்றே எழுதலாம். மேலதிகாரிக்கு எழுதுவதென்றால், அல்லது நெருங்கிப் பழகாதவருக்கு என்றால், ‘உங்கள் தந்தையார்’ சரி. நீங்கள் பேச்சில் என்ன சொல்வீர்களோ அதுவே அளவுகோல். மறைந்தவரின் பெயரை எழுதுவதாக இருந்தால் ஜனாஸா அறிவித்தலில் குடும்பம் எழுதியுள்ளபடியே எழுத வேண்டும். ரஹ்மான், றஹ்மான், ரகுமான் மூன்றும் நடைமுறையில் உண்டு, அந்தக் குடும்பம் எதை எழுதுகிறதோ அதுவே சரியானது. சிங்களத்தில் வந்த அறிவித்தலைப் பார்த்து ஒலிபெயர்க்கும்போது முதலெழுத்துகள் இடம் மாறிவிடும். அதையும் சரிபார்க்க வேண்டும். பெயர் தேவையில்லை என்றால் வாப்பா என்றாலே போதும். யாரைச் சொல்கிறோம் என்பதில் அங்கே குழப்பம் இல்லை.

மூன்றாவது வரியில் எழுதுபவரின் சொந்த அப்பா வந்துவிட்டார். இது பலருக்கும் வரும் இயல்பு. மற்றவர் துயரத்தைக் கேட்டதும் நமது துயரம் எழும்பிவிடுகிறது. போரில் இழப்பு இல்லாத வீடு வடக்கு கிழக்கில் குறைவு என்பதால் நம்மிடையே இது இன்னும் அதிகம். ஆனாலும் ‘உங்கள் வலி எனக்குப் புரியும்’ என்று எழுதினால், வாசிப்பவர் ஒரு கணம் தன் வாப்பாவை விட்டுவிட்டு உங்கள் அப்பாவுக்காக வருந்த வேண்டியிருக்கிறது. இரண்டு மரணங்களும் ஒன்றல்ல. நோயில் படுத்து மெல்லப் போனவரும், காலையில் கடைக்குப் போய்த் திரும்பாதவரும் ஒன்றல்ல. இதைப் பிடிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. வரைவில் நான், எனது, எனக்கு என்ற சொற்கள் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். ‘நான் இந்த வேலையைச் செய்கிறேன்’ என்பது இருக்கலாம். ‘எனக்கும் இப்படி நடந்தது’ என்பது பிறகு ஒருநாள் தேத்தண்ணீர் குடிக்கும்போது பேச வேண்டியது.

‘காலம் ஆற்றும்’, ‘மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்’ இரண்டையும் விளக்கம் இல்லாமலே வெட்டலாம். அடக்கம் முடிந்த மறுநாள் ஒருவரிடம் இதைச் செய், அதைச் செய் என்று சொல்வதற்கு நமக்கு இடமில்லை. ‘பேரதிர்ச்சி’யும் அப்படியே. எண்பது வயதில், மாதக்கணக்கில் படுக்கையில் இருந்தவர் போனதற்கு அலுவலகத்தில் யாரும் அதிர்ச்சி அடையவில்லை என்பது இழந்தவருக்குத் தெரியும். பொய்யான பெரிய சொல்லைவிட உண்மையான சின்னச் சொல் அவருக்கு உறுத்தாது.

மாத அறிக்கை வரி ஒரு தனி ரகம். யோசிக்க வேண்டாம் என்று தொடங்கி, வெள்ளிக்கிழமைக்கு முன் அனுப்பு என்று முடிகிறது. எழுதியவருக்கு நெருக்கடி உண்மைதான், கொழும்பிலிருந்து கேட்கிறார்கள். ஆனால் இரங்கல் மடலில் வேலை பற்றி ஒரே விதமான வரிதான் வரலாம். அது வேலையை இறக்கி வைக்கும் வரியாக இருக்க வேண்டும், ஏற்றும் வரியாக அல்ல. அந்தக் கோப்பு உண்மையிலேயே தேவை என்றால், வேறொரு சக ஊழியரிடம் அது எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். அப்படியும் கிடைக்காவிட்டால், மூன்று நாள் துக்கம் கழிந்த பிறகு தனியாக ஒரு குறுஞ்செய்தி போதும். முஸ்லிம் வீடுகளில் ஆறுதல் சொல்லப் போகும் வழக்கம் பொதுவாக முதல் மூன்று நாட்களுக்கே. இந்து வீட்டில் எட்டுச் செலவும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் இருக்கும். கத்தோலிக்க வீட்டில் ஏழாம் நாள், முப்பதாம் நாள் திருப்பலிகள் வரும். அந்த நாட்களில் அவரிடம் எதையும் கேட்காமல் இருப்பதற்கு இந்தக் கணக்குத் தெரிந்திருப்பது உதவும்.

‘ஏதும் தேவையென்றால் சொல்லுங்கள்’ என்பதும் அன்பான வரிதான், ஆனால் பயன் குறைந்த வரி. கேட்கும் பாரத்தை இழந்தவர் தலையிலேயே அது வைக்கிறது. யாரும் அப்படிக் கேட்டுப் பெறுவதில்லை. செய்யக்கூடிய ஒன்றைப் பெயர் சொல்லி எழுத வேண்டும். அறிக்கையை நான் முடிக்கிறேன், புதன்கிழமைக் கூட்டத்துக்கு நான் போகிறேன் என்பது போல. செய்ய முடியாததை எழுதவே கூடாது.

இப்போது அந்த இரண்டாவது வரியின் வெற்றிடத்துக்கு வருவோம். அங்கே ஒரு நினைவை வைக்கலாம், மறைந்தவரைப் பற்றிய ஒரே ஒரு சின்ன, உண்மையான நினைவு. அவர் ஒருமுறை அலுவலகத்துக்கு வந்து பேசிக்கொண்டிருந்தது, பெருநாளுக்குக் கொடுத்தனுப்பிய பலகாரம், தொலைபேசியில் கேட்ட குரல். பெரிதாக எதுவும் இருக்க வேண்டியதில்லை. இழந்தவருக்குத் தெரியாத ஒரு துளி தகப்பன் அதில் இருக்கும், அதனால்தான் அது மதிப்புள்ளது. நேரில் பார்த்ததே இல்லை என்றால், மகன் அவரைப் பற்றிச் சொன்ன ஒன்றை எழுதலாம். அதுவும் இல்லையென்றால் அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள். கற்பனை செய்து நிரப்ப வேண்டாம். நான்கு வரி மடல் குறைவான மடல் அல்ல.

திருத்திய பிறகு மடல் இப்படி வருகிறது:

பொருள்: வாப்பாவின் மறைவு

அன்பின் நானா,

வாப்பா காலமான செய்தியை நேற்று மாலை அறிந்தோம். மிகவும் வருந்துகிறோம்.

போன வருடம் அவர் அலுவலகத்துக்கு வந்தபோது எங்கள் ஒவ்வொருவரிடமும் எந்த ஊர் என்று கேட்டுப் பேசிக்கொண்டிருந்தது நினைவில் இருக்கிறது.

உம்மாவுக்கும் குடும்பத்தினர் எல்லோருக்கும் எங்கள் அனுதாபங்களைத் தெரிவியுங்கள். மாத அறிக்கையை நான் முடித்து அனுப்பிவிடுகிறேன். இதற்குப் பதில் எழுத வேண்டியதில்லை.

அன்புடன்

முதல் வரைவைவிட மிகவும் சிறியது. ‘ஆழ்ந்த’, ‘சொல்லொணா’, ‘பாசமிகு’ எல்லாம் போய்விட்டன. ‘அன்னார்’ போய்விட்டது, அது பிரசுரத்துக்கு உரிய சொல். தாயார் இருக்கிறாரா என்பதை அனுப்புவதற்கு முன் ஒருமுறை கேட்டு உறுதிப்படுத்த வேண்டும். அவர் முன்பே காலமாகியிருந்தால் ‘உம்மாவுக்கும்’ என்ற ஒரு சொல் மடல் முழுவதையும் கெடுத்துவிடும். பதில் எழுத வேண்டியதில்லை என்ற கடைசி வரியைச் சிலர் விறைப்பு என்று நினைக்கலாம். என் அனுபவத்தில் பெறுபவர்கள் பெரிதும் ஆறுதலாக உணர்வது அந்த வரியால்தான். நாற்பது பேருக்கு நன்றி சொல்ல வேண்டிய கடன் அதனால் ஒன்று குறைகிறது.

பொருள் வரியில் ‘அவசரம்’ இருக்கக் கூடாது. தொலைபேசித் திரையில் முதலில் தெரிவது அதுதான். அவருடைய வீட்டில் அன்று அவசரமானது எல்லாம் ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது.

அனுப்பும் பொத்தானுக்கு முன் இன்னும் இரண்டு இடறல்கள். நிர்வாகப் பிரிவு எல்லோருக்கும் அனுப்பிய மரண அறிவித்தலுக்கு ‘Reply all’ அழுத்திப் பதில் எழுதினால் முழு அலுவலகத்துக்கும் போகும். அந்தப் பட்டியலில் இழந்தவரும் இருப்பார், அவருடைய தொலைபேசி நாள் முழுவதும் ஒலித்துக்கொண்டிருக்கும். புதிய மின்னஞ்சலாக, அவர் ஒருவருக்கு மட்டும் அனுப்புங்கள். மற்றது, போன முறை வேறொருவருக்கு எழுதிய இரங்கல் மடலைத் திறந்து பெயரை மட்டும் மாற்றி அனுப்பும் வழக்கம். ‘தாயார்’ என்பது ஓரிடத்தில் மாறாமல் நிற்கும். அல்லது மடலுக்குக் கீழே பழைய மடல், பழைய மரணத்துடன் தொங்கிக்கொண்டிருக்கும். பெறுபவரின் முகவரியைக் கடைசியில் மட்டும் இடுவது நல்ல பழக்கம். திருத்தும்போது கை தவறினாலும் மடல் போகாது.

மேலே பார்த்தவற்றில் அடங்காத ஒரு வகையும் நம்மிடையே இருக்கிறது. ஒருவருடைய தாய் காலமாகிறார். தந்தை போர்க்காலத்தில் காணாமல் ஆக்கப்பட்டவர், இன்றுவரை தகவல் இல்லை. நண்பர்கள் சேர்ந்து எழுதும் மடலில் ‘தாய் தந்தை இருவரையும் இழந்து தவிக்கும் உங்களுக்கு’ என்று ஒரு வரி மிக இயல்பாக வந்துவிடும். அந்த வரி தந்தையை இறந்தவராக அறிவித்துவிடுகிறது. அந்தக் குடும்பம் அதை ஏற்றுக்கொண்டதா என்பது நமக்குத் தெரியாது. 2016இல் சட்டம் திருத்தப்பட்டதன் பின், இப்படிப்பட்டவர்களின் குடும்பங்கள் மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, அவர் காணக் கிடைக்கவில்லை என்று மட்டும் கூறும் ஒரு சான்றிதழைப் பெற்றுக்கொள்ள வழி உண்டு. அந்த வழி எதற்காக ஏற்பட்டது என்றால், உடல் இல்லாமல், விசாரணை இல்லாமல், இறந்துவிட்டார் என்று கையெழுத்திடப் பல குடும்பங்கள் மறுத்துவந்ததால்தான். அரசாங்கப் படிவத்தில் அவர்கள் எழுத மறுத்ததை நமது மின்னஞ்சல் எழுதக் கூடாது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. காலமான தாய் பல வருடங்கள் கணவரைத் தேடி அலைந்தவர் என்றால், ‘அவரைக் காணாமலேயே கண்மூடினார்’ என்று எழுத மனம் உந்தும். மன்னார் வாப்பாவுக்கு எழுதிய ‘ஊர் திரும்பாமலேயே’ என்ற வரியின் மறுபதிப்புதான் அது. பிள்ளைகளின் நெஞ்சில் ஏற்கெனவே இருப்பதை வெளியிலிருந்து சொல்லிக் காட்டத் தேவையில்லை. அந்த மடலில் தந்தை வர வேண்டியதே இல்லை. ‘அம்மா காலமானதை அறிந்து வருந்துகிறோம். அவருடைய சமையலை நாங்கள் எல்லோரும் சாப்பிட்டிருக்கிறோம். திங்கட்கிழமை முதல் உங்கள் வேலையை நாங்கள் இருவர் பார்த்துக்கொள்கிறோம்.’ இவ்வளவு போதும். அப்பாவைப் பற்றி அவர்கள் பேசும்போது, இருக்கிறார் என்பார்களா இருந்தார் என்பார்களா என்று கவனித்து, நாமும் அதே காலத்தில் பேசுவோம்.